ரத்தக்கசிவு இருக்கும்போதே ஹெபாரின்: பேறுகாலத்தில் மூளைச் சிரை அடைப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 24 வயதுப் பெண் ஒருவரை மே மாதத்தில் ஒரு நாள் காலை 108 வண்டியில் கொண்டு வந்தார்கள். முதல் பிரசவம், சிசேரியன் ஆகிப் பதினோராம் நாள். வீட்டில் ஒரு தடவை வலிப்பு, வண்டியில் இன்னொரு தடவை. வலது கையைத் தூக்க முடியவில்லை. சி.டி. ஸ்கேனில் மூளையின் இடது பக்கம் ரத்தம் கசிந்திருந்தது. அன்று மாலையே அவருக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசியை, அதுவும் முழு அளவில், ஆரம்பித்தோம்.

கசிவு இருக்கும் இடத்தில் ரத்தத்தை இளக்கும் மருந்தா என்று அந்தப் பெண்ணின் அப்பா கேட்டார். மருத்துவம் படித்தவர்களும் இதே கேள்வியைக் கேட்பதுண்டு, சில இடங்களில் இந்தத் தயக்கத்திலேயே இரண்டு மூன்று நாள் போய்விடுவதும் உண்டு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாமலிருக்க ஊர், உறவு விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

தலைவலி தொடங்கிய கதை

கர்ப்ப காலத்திலேயே இவருக்கு ரத்தசோகை இருந்தது. அட்டையில் ஹீமோகுளோபின் 8.6 என்று எழுதியிருந்தது. இரும்புச்சத்து மாத்திரை வாங்கியிருக்கிறார், குமட்டுகிறது என்று பாதிக்கு மேல் சாப்பிடவில்லை. முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்து சிசேரியன் நடந்தது. ஐந்தாம் நாள் தாய்வீட்டுக்கு வந்துவிட்டார்.

வெளியே கத்திரி வெயில். உள்ளே, பிள்ளை பெற்றவளுக்குக் காற்றுப் படக்கூடாது என்று ஜன்னல் சாத்திய அறை. பச்சை உடம்பு, தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு பெருத்துவிடும், சீதளம் பிடித்து ஜன்னி கண்டுவிடும் என்பது வீட்டுப் பெரியவர்களின் கணக்கு. பூண்டு, சுக்கு, மிளகு என்று பத்தியச் சாப்பாடு கவனமாகவே நடந்திருக்கிறது. தண்ணீர் மட்டும் காலையில் ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர் வெந்நீர். நடுவில் கேட்டால் வாயை நனைத்துக்கொள்ளலாம். பால் கொடுக்கும் தாய்க்குப் பாலாக மட்டுமே நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் வெளியே போகும். வியர்வை அதற்கு மேல். சிறுநீர் மஞ்சளாக, கொஞ்சமாகப் போனது என்று பிறகு விசாரித்தபோது சொன்னார்.

ஏழாம் நாள் தலைவலி ஆரம்பித்தது. டவுனில் ஒரு கிளினிக்கில் காட்டியிருக்கிறார்கள். முதுகில் ஊசி போட்டால் தலைவலி வரும், நிறைய காபி குடிக்கட்டும், படுத்தே இருக்கட்டும் என்று சொல்லி பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினார்களாம். அந்த யோசனையில் தப்பு என்று எதுவும் இல்லை. முதுகு ஊசிக்குப் பிறகு தலைவலி வருவது உண்மைதான். ஊசி போட்ட துளை வழியாகத் தண்டுவட நீர் கசிவதால் அது வரும், பெரும்பாலும் முதல் ஐந்து நாளுக்குள் வந்துவிடும். அதற்கு ஒரு தெளிவான குணம் உண்டு: எழுந்து உட்கார்ந்தால் மண்டை பிளக்கும், படுத்தால் சற்று நேரத்தில் அடங்கிவிடும்.

இந்தப் பெண்ணுக்கு நடந்தது நேர்மாறு. ஒன்பதாம் நாள் ராத்திரி படுக்கவே முடியவில்லை. தலையணையை நிமிர்த்தி வைத்து, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே குழந்தைக்குப் பால் கொடுத்திருக்கிறார். படுத்தால் வலி கூடியது, இருமினால் கூடியது, விடியற்காலையில் மிக அதிகமாக இருந்தது. இரண்டு முறை வாந்தி. குனிந்து நிமிர்ந்தால் சில நொடி கண் மங்கியது. மூளையைச் சுற்றி அழுத்தம் குறைந்ததால் வரும் வலி படுத்தால் குறையும், அழுத்தம் ஏறியதால் வரும் வலி படுத்தால் கூடும். தலைவலி எவ்வளவு கடுமை என்பதைவிட எந்த நிலையில் கூடுகிறது என்பதுதான் இங்கே முக்கியமான கேள்வி, அதை யாரும் கேட்டிருக்கவில்லை. முதலில் முதுகு ஊசித் தலைவலியாகவே தொடங்கி, பிறகு குணம் மாறுகிறவர்களும் உண்டு. எழுந்தால் வலித்தது இப்போது எப்போதும் வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால், பழைய நோய்ப்பெயரை ஒதுக்கிவிட்டுப் புதிதாகப் பார்க்க வேண்டும்.

பதினோராம் நாள் காலை. வலது கட்டைவிரல் தானாகத் துடித்தது, அது கைக்கு ஏறியது, வாய் வலப்பக்கம் இழுத்தது, அப்புறம் உடம்பு முழுக்க வெட்டி இழுத்தது. இரண்டு நிமிடம் இருக்கும் என்றார்கள். பாட்டி ஜன்னி கண்டுவிட்டது என்று சாவிக்கொத்தைக் கையில் திணித்திருக்கிறார். அதனால் கெடுதல் இல்லை, பலனும் இல்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தது அக்காதான், அது சரியான காரியம்.

துடிப்பு ஒரு விரலில் தொடங்கியது என்ற அந்தச் சின்னத் தகவலுக்கு மதிப்பு அதிகம். வலது கட்டைவிரலை இயக்குவது மூளையின் இடது மேற்பரப்பில் குறிப்பிட்ட ஒரு திட்டு. ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே, கோளாறு எங்கே இருக்கும் என்று அது காட்டிவிட்டது.

வந்தவுடன் பார்த்தது

பிரசவமான பெண்ணுக்கு வலிப்பு என்றால் எல்லோர் மனதிலும் முதலில் வருவது, கர்ப்பத்தால் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் எக்லாம்ப்சியா. அது நியாயம்தான், பிரசவத்துக்குப் பின் சில வாரம் வரைகூட அது வரலாம், உயிருக்கு ஆபத்தும்கூட. அதனால் முதலில் பார்த்த சுகாதார நிலையத்திலேயே மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டு அனுப்பியிருந்தார்கள். ஆனால் எங்களிடம் வந்தபோது ரத்த அழுத்தம் 134/86, சிறுநீரில் புரதம் இல்லை. கர்ப்ப காலம் முழுக்க அழுத்தம் ஏறியதாகப் பதிவும் இல்லை. எக்லாம்ப்சியாவில் தலைவலி இப்படி நான்கு நாளாகப் படிப்படியாக ஏறுவதும், வலிப்பு ஒரு விரலில் தொடங்குவதும், அதன்பின் ஒரு கை மட்டும் விழுந்துபோவதும் வழக்கமில்லை.

அரைத் தூக்கமாக இருந்தார், கூப்பிட்டால் கண் திறந்தார். கேள்வி புரிந்தது, பதில் சொல்லச் சொல் வரவில்லை. குழந்தையின் பெயர் வைத்தாகிவிட்டதா என்று கேட்டதற்கு, "அந்த... அந்த..." என்று தேடிவிட்டு அழுதார். வலது கை புவியீர்ப்பை மீறிச் சற்றுத் தூக்கியது, தடுத்தால் விழுந்தது. காலில் பலம் ஓரளவு இருந்தது. கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தால் பார்வை நரம்பின் தலை வீங்கி, விளிம்பு மங்கியிருந்தது. மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. சாதாரணத் தலைவலிக்காரருக்கு இந்த வீக்கம் இருக்காது. ஆப்தல்மாஸ்கோப் எந்தச் சிறிய மருத்துவமனையிலும் கிடைக்கும், அரை நிமிட வேலை. ஒன்பதாம் நாளே யாராவது இதைப் பார்த்திருந்தால் வலிப்பு வருமுன்பே நோய் பிடிபட்டிருக்க வாய்ப்புண்டு.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் 7.4, சிவப்பணுக்கள் சிறுத்து வெளுத்திருந்தன, தட்டணுக்கள் 5.1 லட்சம். இரும்புச்சத்துக் குறையும்போது தட்டணுக்கள் கூடுவது வழக்கம். ரத்தசோகை என்றால் ரத்தம் தண்ணீராக இருக்கும், அது எப்படி உறையும் என்று பலர் நினைக்கிறார்கள். இரும்புக் குறைவால் வரும் சோகை உறைதலை அதிகப்படுத்துகிறது, மூளைச் சிரை அடைப்புக்கு அது தனியாகவே ஒரு காரணம்.

சி.டி.யில் இடது மூளையின் மேல்பகுதியில், நடுக்கோட்டை ஒட்டி, ஒழுங்கற்ற விளிம்போடு ரத்தக்கசிவு, சுற்றிலும் வீக்கம். உயர் ரத்த அழுத்தத்தால் வரும் கசிவு மூளையின் ஆழத்தில் உருண்டையாக உட்கார்ந்திருக்கும். தமனி அடைத்தால் சேதம் அந்தத் தமனி ஊட்டும் எல்லைக்குள் ஆப்புப் போல விழும். இது எந்தத் தமனியின் எல்லைக்கும் கட்டுப்படாமல் இரண்டு எல்லைகளின் மேலும் படர்ந்திருந்தது. அப்புறம், உச்சந்தலைக்கு நேர் கீழே ஓடும் பெரிய சிரை, மருந்து ஏற்றாத படத்திலேயே வழக்கத்தைவிட வெள்ளையாகத் தெரிந்தது. புதிதாக உறைந்த ரத்தம் அப்படித்தான் தெரியும். முதல் அறிக்கையில் இந்த வெண்மை இல்லை, "மூளை ரத்தக்கசிவு" என்று மட்டும் இருந்தது. கசிவு கண்ணைக் கவர்ந்துவிடுவதால் பக்கத்தில் இருக்கும் காரணம் தப்பிவிடுகிறது. நோயே இருந்தும் சாதாரண சி.டி. குறையற்றதாகத் தெரிவதும் நிறைய நடக்கும், அதனால் சி.டி. நன்றாக இருக்கிறது என்பதை வைத்து மட்டும் இந்த நோயை ஒதுக்க முடியாது.

மதியத்துக்குள் எம்.ஆர்.ஐ.யும் சிரைகளை மட்டும் காட்டும் எம்.ஆர். வெனோகிராமும் எடுத்தோம். உச்சிச் சிரையின் பின் மூன்றில் இரண்டு பங்கிலும், அதிலிருந்து இடது பக்கம் திரும்பும் குறுக்குச் சிரையிலும் ஓட்டம் இல்லை. இந்த இடது குறுக்குச் சிரையை வைத்து ஏமாறக் கூடாது. பலருக்குப் பிறவியிலேயே அது மெலிந்திருக்கும், படத்தில் காணாமலே போகும். ஓட்டம் இல்லை என்பதோடு அந்த இடத்தில் உறைகட்டி இருக்கிறது என்பதை மற்றப் படங்களில் உறுதிப்படுத்திக்கொண்ட பிறகுதான் அடைப்பு என்று எழுதினோம்.

கசிவு எங்கிருந்து வந்தது

அப்பாவின் கேள்விக்கு இப்போது வரலாம். "ரத்தம் கசிஞ்சிருக்குன்னு நீங்கதான் சொன்னீங்க சார். அதுக்குப் போய் ரத்தம் உறையாத ஊசியா?" என்றார். கொஞ்சம் கோபத்தோடுதான் கேட்டார்.

அவர் பாமணியாற்றுப் பாசனத்தில் நிலம் வைத்திருப்பவர். அதனால் அவர் வயலை வைத்தே சொன்னேன். வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் வேறு, வடிகால் வேறு. வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் வரும் தண்ணீர் நிற்பதில்லை, போக வழியில்லாமல் வயலில் தேங்கும், ஏறும், கடைசியில் வரப்பை உடைக்கும். உடைந்த வரப்பில் எவ்வளவு மண் போட்டாலும் வடிகால் திறக்காத வரை இன்னொரு இடத்தில் உடையும். அவர் தலையை ஆட்டினார். "அப்ப தாமரையைத்தான் எடுக்கணும்" என்றார்.

மூளைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ முக்கால் லிட்டர் ரத்தம் தமனி வழியே போகிறது. அத்தனையும் சிரைகள் வழியே திரும்ப வேண்டும். மூளையின் மேற்பரப்பில் உள்ள மெல்லிய சிரைகள் உச்சியில் ஓடும் பெருஞ்சிரையில் கலக்கும், அது பின்மண்டையில் இரண்டாகப் பிரிந்து காதுக்குப் பின்னால் வளைந்து கழுத்துச் சிரையில் இறங்கும். இந்தப் பெருஞ்சிரைகளை மருத்துவர்கள் சைனஸ் என்பார்கள். மூக்கடைப்புச் சைனஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஸ்கேன் அறிக்கையைப் பார்த்துவிட்டு ஆவி பிடித்த குடும்பங்கள் உண்டு.

பெருஞ்சிரை அடைத்தால் இரண்டு காரியம் நடக்கும். மூளையைச் சுற்றி ஊறும் தண்டுவட நீர் வடிவதும் அந்த உச்சிச் சிரைக்குள்தான். அது வடியாமல் மண்டைக்குள் அழுத்தம் ஏறும்: தலைவலி, வாந்தி, கண் நரம்பு வீக்கம். அடைப்பு பெருஞ்சிரையோடு நின்றால் பல நாள் தலைவலி மட்டுமே இருக்கும், கை கால் நன்றாக வேலை செய்யும், அதனால்தான் நோய் நழுவிப்போகிறது. அடுத்தது, உறைகட்டி மேற்பரப்புச் சிரைகளுக்குள் நீளும்போது நடப்பது. அந்தப் பகுதியின் நுண்குழாய்கள் உப்பி, முதலில் நீர் கசியும், அழுத்தம் இன்னும் கூடினால் ரத்தமும் கசியும். மூளையின் மேற்பரப்பில் இப்படிக் கசிந்த இடம் எரிச்சலடைந்து வலிப்பைக் கிளப்பும். சாதாரணப் பக்கவாதத்தைவிட இந்த நோயில் வலிப்பு மிக அதிகம் வருவது இதனால்தான். பல நாடுகளில் 624 பேரைத் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியான ஆய்வில் பத்தில் ஒன்பது பேருக்குத் தலைவலியும், பத்தில் நான்கு பேருக்கு வலிப்பும் இருந்தன.

ஆக, இங்கே கசிவு என்பது அடைப்பின் விளைவு. உறைகட்டி வளர விட்டால் அழுத்தம் ஏறும், கசிவும் ஏறும். ஹெபாரின் இருக்கிற கட்டியைக் கரைக்காது, அதை மேலும் நீளாமல் தடுக்கும். பிறகு உடம்பே மெல்லக் கரைத்துப் பாதை திறக்கவோ, பக்கச் சிரைகள் விரிந்து வேலையை எடுத்துக்கொள்ளவோ அவகாசம் கிடைக்கும்.

இது வெறும் தர்க்கம் மட்டும் அல்ல. 1991-இல் வெளியான மியூனிக் ஆய்வில் 20 நோயாளிகளைப் பிரித்துப் பத்துப் பேருக்கு ஹெபாரினும் பத்துப் பேருக்கு வெறும் திரவமும் கொடுத்தார்கள். ஹெபாரின் பெற்றவர்களில் மூன்று மாதத்தில் எட்டுப் பேர் முழுக்கத் தேறினார்கள், இரண்டு பேருக்குச் சிறு குறை, சாவு இல்லை. மற்றப் பத்தில் மூன்று பேர் இறந்தார்கள், முழுக்கத் தேறியவர் ஒருவர்தான். வித்தியாசம் தெரிந்ததும் ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். 20 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, அதை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. 1999-இல் 60 பேரை வைத்து நடந்த ஆய்வில் பலன் இவ்வளவு பளிச்சென்று தெரியவில்லை. ஆனால் அதிலும், முன்பே கசிவு இருந்தவர்கள் உட்பட, ஹெபாரின் போட்ட யாருக்கும் நிலை மோசமாகும்படி மூளையில் புதுக் கசிவு வரவில்லை. எனக்கு அந்தச் செய்திதான் முக்கியம். பயம் எதைப் பற்றியோ, அது நடக்கவில்லை. இன்று உலகெங்கும் உள்ள வழிகாட்டுதல்கள் கசிவு இருந்தாலும் ஹெபாரினை ஆரம்பிக்கவே சொல்கின்றன. தமனி உடைந்து வரும் கசிவுக்கு இதே ஊசியைப் போட்டால் ஆபத்து என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனால்தான் காரணத்தை உறுதிப்படுத்தும் வெனோகிராம் அவசியம்.

ஊசியும் அதன் முதல் மூன்று நாளும்

எடை 50 கிலோ. ஹெபாரின் வகை மருந்தான எனாக்சபாரின் கிலோவுக்கு ஒரு மி.கி. கணக்கில், 50 மி.கி. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வயிற்றுத் தோலுக்கடியில். சிசேரியன் தையலைத் தள்ளிப் பக்கவாட்டில் போட்டோம். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம், கெட்டிருந்தால் இந்த மருந்து உடம்பில் தேங்கும். மண்டையைத் திறக்க வேண்டிவரும் என்று முதலிலேயே தோன்றினால், ரத்தநாளத்தில் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பழைய ஹெபாரினே நல்லது, நிறுத்தினால் சில மணி நேரத்தில் வேகம் தணிந்துவிடும். தட்டணுக்கள் திடீரென்று குறைகின்றனவா என்று முதல் இரண்டு வாரம் அவ்வப்போது எண்ணிப் பார்த்தோம். ஹெபாரினே அரிதாகச் செய்யும் கெடுதல் அது.

வலிப்புக்கு லெவெடிரசெட்டம். ஃபெனிடாயின் மலிவு, எங்கும் கிடைக்கும், ஆனால் ஊசிக்குப் பின்னால் கொடுக்கப்போகும், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையான வார்ஃபாரினோடு அது மல்லுக்கு நிற்கும். ரத்தநாளம் வழியாகச் சலைன் ஏற்றி நீர்ச்சத்தைச் சரிசெய்தோம். மூளை வீக்கம் என்றவுடன் மானிடாலைக் கொட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. வடிகால் அடைந்த, ஏற்கெனவே வற்றிப்போன உடம்பில் அது இன்னும் நீரை வெளியேற்றும், எனவே அவசரத்துக்கு மட்டும்தான். ஸ்டீராய்டு கொடுக்கவில்லை, இந்த நோயில் அதனால் பலன் கிடைக்கவில்லை.

இரண்டாம் நாள் ராத்திரிதான் சோதனை. தூக்கம் கூடியது, வலது கை இன்னும் தளர்ந்தது. பணியிலிருந்த இளம் டாக்டர் அடுத்த வேளை ஊசியை நிறுத்திவைக்கட்டுமா என்று கேட்டார். உடனே சி.டி. எடுத்தோம். கசிவு அதே அளவுதான், சுற்றியுள்ள வீக்கம் சற்றுக் கூடியிருந்தது, நடுக்கோடு மூன்று மி.மீ. தள்ளியிருந்தது. கசிவு வளரவில்லை என்றால் நிலை மோசமாவது அடைப்பால், நிறுத்தினால் இன்னும் மோசமாகும். ஊசியைத் தொடர்ந்தோம், தலைமாட்டை 30 டிகிரி உயர்த்தினோம், மானிடால் மூன்று வேளை மட்டும். நரம்பு அறுவை மருத்துவர்களுக்கு அப்போதே சொல்லி வைத்தோம். கண்மணி ஒரு பக்கம் விரிந்தாலோ, கூப்பிட்டால் எழவில்லை என்றாலோ மண்டை ஓட்டின் ஒரு பகுதியை எடுத்து மூளைக்கு இடம் கொடுக்கும் அறுவை. கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் இந்த நோயில் அது உயிரைக் காப்பது மட்டுமில்லை, அப்புறம் நன்றாக நடமாடுகிறவர்களும் பலர். குழாய் விட்டுக் கட்டியை உறிஞ்சும் முறையை எல்லோருக்கும் செய்வதால் கூடுதல் பலன் இருப்பதாக ஆய்வில் தெரியவில்லை. ஹெபாரின் கொடுத்தும் சரிவைத் தடுக்க முடியாத சிலருக்கு மட்டும் அதைப் பற்றி யோசிக்கிறோம்.

இவருக்கு அந்தக் கட்டம் வரவில்லை. நான்காம் நாள் தெளிவு வந்தது. ஆறாம் நாள் தம்ளரை வலது கையில் பிடித்தார், சொற்களும் திரும்பின. பாலைப் பிழிந்து கொட்ட வேண்டுமா என்று மாமியார் கேட்டார். ஹெபாரின் பாலில் போகாது, வார்ஃபாரின் போவது மிகமிகக் குறைவு, குழந்தைக்குக் கொடுக்கலாம். வலிப்பு மாத்திரை கொஞ்சம் போகும், குழந்தை அளவுக்கு மீறித் தூங்கினாலோ பால் குடிக்கச் சோம்பினாலோ சொல்லச் சொன்னோம்.

கீரையும் ஐ.என்.ஆரும்

ஏழாம் நாள் வார்ஃபாரின் மாத்திரையைச் சேர்த்து, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு 2-ஐத் தாண்டி நிலைக்கும் வரை ஊசியையும் கூடவே வைத்திருந்தோம். குறி 2-க்கும் 3-க்கும் நடுவில். புது வகை மாத்திரைகளுக்கு இந்த ரத்தப் பரிசோதனை தேவையில்லை, இந்த நோயிலும் அவை வார்ஃபாரினுக்கு நிகராக வேலை செய்வதாகத் தெரிகிறது, ஆனால் தாய்ப்பால் கொடுப்பவருக்கு வார்ஃபாரின்தான் பாதுகாப்பு.

வீட்டுக்குப் போய் மூன்றாவது வாரம் ஐ.என்.ஆர். 1.4-க்கு இறங்கியது. மாத்திரை தவறவில்லை. விசாரித்தால், ரத்தம் ஊறவும் பால் சுரக்கவும் என்று தினமும் ஒரு கிண்ணம் முருங்கைக்கீரை. நாமே இரும்புச்சத்துக்குக் கீரை சாப்பிடச் சொல்கிறோம், அதிலுள்ள வைட்டமின் கே வார்ஃபாரினை எதிர்க்கிறது. கீரையை நிறுத்தச் சொல்லவில்லை. வாரம் இரண்டு நாள், ஒரே அளவு, எல்லா வாரமும் அப்படியே என்று வைத்துக்கொண்டு, அதற்கேற்ப மாத்திரை அளவைச் சரிசெய்தோம். ரத்தசோகைக்கு இரும்பு மருந்தை ரத்தநாளம் வழியாக ஏற்றினோம், மாத்திரையை நம்பி இருந்தால் அந்தக் குமட்டல் கதைதான் மறுபடி நடக்கும். உடம்பு வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கக் கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னோம். வலி மாத்திரைகளில் பல, வார்ஃபாரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசிய வைக்கும்.

ஏன் இவருக்கு

ஒரே காரணம் என்று விரல் நீட்ட முடியாது. பிரசவத்தில் ரத்தப்போக்கைத் தாங்குவதற்காகவே கர்ப்பிணியின் உடம்பு உறையவைக்கும் பொருள்களைக் கூட்டி வைத்திருக்கும், தடுக்கும் பொருள்களில் ஒன்றான புரோட்டீன் எஸ் குறைந்திருக்கும். பிரசவம் முடிந்து ஆறு வாரம் வரை இந்த நிலை நீடிக்கும். அதன் மேல் அறுவை, இரும்புக் குறைவு, வெயில், தண்ணீர்க் கட்டுப்பாடு. நம் ஊரில் பேறுகாலத்தில் மூளைக் குழாய் அடைத்த 135 பேரைப் பற்றி கே. சீனிவாசன் 1983-லேயே எழுதியிருக்கிறார், இது நமக்குப் புதிய நோய் அல்ல. பத்தியத்தின் மற்ற அம்சங்களோடு எனக்குச் சண்டை இல்லை. தண்ணீரைக் குறைப்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்வதில்லை. ஜன்னி வரக்கூடாது என்று தண்ணீரைக் குறைத்தால், பாட்டி பயந்த அந்த வலிப்புக்கே வழி திறந்துவிடுகிறது.

பிரசவம் ஆகாதவர்களிடமும் இதே நோயைப் பார்க்கிறோம். கோயில் திருவிழாவுக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுத் தலைவலியோடு வரும் பெண்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள், நான்கு நாள் குடித்துவிட்டுச் சாப்பாடு தண்ணீர் இல்லாமல் கிடந்த ஆண்கள், காதில் சீழ் வடிந்து அது பக்கத்துச் சிரைக்குப் பரவிய குழந்தைகள். அதனால் தலைவலியோடு வலிப்பு என்று வரும் இளம் வயதினரிடம் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்வியை விடக்கூடாது. "மாத்திரை எதுவும் இல்லை" என்பவரிடம் "நாள் தள்ளிப்போட ஏதாவது?" என்று தனியாகக் கேட்டால்தான் பதில் வரும்.

பரம்பரையாக உறையும் தன்மை உண்டா என்ற பரிசோதனைகளை அட்மிஷனிலேயே செய்துவிடும் வழக்கம் இருக்கிறது. பிரசவமான புதிதில் புரோட்டீன் எஸ் எல்லோருக்கும் குறைவுதான், வார்ஃபாரினும் அதைக் குறைக்கும், அப்போது வரும் முடிவை வைத்து ஒரு பெண்ணுக்கு ஆயுளுக்கும் நோய்ப்பட்டம் கட்டிவிடக் கூடாது. உறைதலைத் தூண்டும் எதிர்ப்பொருள்கள் உண்டா என்று பார்க்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் பரிசோதனையை மட்டும் முதலில் எடுத்து, பன்னிரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை எடுத்தோம். இரண்டு முறையும் இல்லை என்றே வந்தது. மற்றவற்றை மருந்து நிறுத்திய பிறகு பார்த்தோம், குறை எதுவும் இல்லை.

ஆறாம் மாதம் மீண்டும் வெனோகிராம். உச்சிச் சிரை பெரும்பாலும் திறந்திருந்தது. இடது குறுக்குச் சிரை திறக்கவில்லை, வலது பக்கம் அகன்று அந்த வேலையையும் செய்துகொண்டிருந்தது. கண் நரம்பு வீக்கம் வடிந்துவிட்டது, தலைவலி இல்லை. நீங்கிப்போன ஒரு காரணத்தால் வந்த அடைப்புக்கு மூன்று முதல் ஆறு மாதம் போதும், அதனால் வார்ஃபாரினை நிறுத்தினோம். படத்தில் ஒரு சிரை மூடியிருக்கிறது என்பதற்காக மாத்திரையை நீட்டவில்லை. வலிப்பு மாத்திரையை மட்டும் ஒரு வருடம் வைத்திருந்தோம், ஆரம்பத்திலேயே வலிப்பும் கசிவும் சேர்ந்து வந்தவர்களுக்குத் திரும்ப வர வாய்ப்பு அதிகம். வலது கையில் வேகமாக எழுதினால் இன்னும் எழுத்து கோணுகிறது என்கிறார். அது ஒன்றுதான் மிச்சம்.

குடும்பக் கட்டுப்பாட்டுக்குக் காப்பர்-டி போட்டார்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை இவருக்கு இனி எப்போதும் ஆகாது, அதை வெளிநோயாளர் நோட்டின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இன்னொரு குழந்தை பெறலாமா என்று கணவர் கேட்டார். பெறலாம். கர்ப்பம் உறுதியானவுடன் வர வேண்டும். தினமும் ஒரு வேளை எனாக்சபாரின் 40 மி.கி. ஆரம்பித்து, பிரசவத்தை ஒட்டி நிறுத்தி, பிறகு மீண்டும் தொடங்கி ஆறு வாரம் போட வேண்டும். ஊசியை வீட்டிலேயே போட அக்கா கற்றுக்கொண்டிருக்கிறார்.